போட்டோ இல்லாம ஒரு குசினியை ஆசாரிக்குச் சொன்ன விதம்: சுங்கை சிப்புட்ல ஒரு வேலை

வீடு சுங்கை சிப்புட்ல, பழைய ரப்பர் தோட்டத்து நிலத்துல எழும்பின ஒரு தாமான்ல இருக்கு. மாடி இல்லாத வரிசை வீடு, குசினி பின்பக்கம். வீட்டுக்கார அக்கா தோட்டத்துல பால் மரம் வெட்டி ஓய்வு வாங்கினவங்க. குசினியில சிமெண்டு மேடை ஏற்கனவே ஊத்தி மேல டைல்ஸ் ஒட்டியாச்சு, கீழ செங்கல் கால் வச்சு நிக்குது, அந்தக் கால்களுக்கு நடுவுல கதவு போடணும், தெக்கு சுவர்ல மேல கெபினெட் வேணும். இவ்வளவுதான் வேலை. பட்டறை ஈப்போ பக்கம், அங்க விலைப்பேச்சும் வெட்டுக் கணக்கும் எழுதுறது நான், பலகை அறுக்குறது ஆசாரி அண்ணன்.

அக்காவோட மகன் குசினியைப் போட்டோ எடுத்து, மேலயே அளவெல்லாம் கிறுக்கி அண்ணனுக்கு அனுப்பியிருந்தாரு. அந்த சாட்ல மறையுற மெசேஜ் ஆன் பண்ணி இருந்துச்சு, 24 மணி நேரம்னு. அண்ணன் போன்ல படம் எதுவும் தானா கேலரிக்குள்ள சேவ் ஆகாது, இடம் பத்தலன்னு அதை நிறுத்தி வச்சிருந்தாரு. மறுநாள் திறந்தா ஒண்ணும் இல்ல. மகன் அதுக்குள்ள சிங்கப்பூருக்கு வேலைக்குத் திரும்பிட்டாரு, அவர்கிட்டயும் படம் இல்ல. ஞாபகத்துல இருந்து ஒரு வரி மட்டும் எழுதி அனுப்பினாரு: "பின் சுவர் 11.9, சிங்கி வலப்பக்கம், அடுப்பு இடப்பக்கம்." அக்காகிட்ட இருக்குறது பட்டன் போன். பக்கத்து வீட்டுல மூணாம் பாரம் படிக்கிற ஒரு பையன், அவங்க அப்பாவோட டேப் ஒண்ணு, அப்புறம் அக்காவோட குரல், இது மட்டும்தான் எங்களுக்கு மிச்சம். இதை வச்சே வெட்டுக் கணக்கு போட முடியுமான்னுதான் கேள்வி.

முதல்ல அந்த 11.9 என்னன்னு பாத்தோம். 11 அடி 9 இஞ்சா, இல்ல பதினொன்னு புள்ளி ஒம்போது அடியா? முதல்ல சொன்னது 358 சென்டிமீட்டர், ரெண்டாவது சொன்னது 363. அஞ்சு சென்டி வித்தியாசத்துல ஒரு கதவு உள்ள போகாது. அடி இஞ்சு புழங்குறவங்க புள்ளி வச்சு எழுதினாலே இந்தச் சந்தேகம் வந்துடும், அதனால அக்காகிட்ட இனிமே சென்டிதான், டேப்ல சின்னக் கோடு போட்ட பக்கம்தான், அடிக்கணக்கை மறந்துடுங்கன்னு சொல்லிட்டேன். பையன் அளந்தான், 358.

அடுத்தது வலப்பக்கம் இடப்பக்கம். அக்கா சொல்றாங்க, "தம்பி, அடுப்பு சோத்தாங்கை பக்கம்." மகன் எழுதினது அதுக்கு நேர் மாறு. ரெண்டு பேர் சொன்னதும் சரிதான். அக்கா ஹால்ல இருந்து குசினிக்குள்ள வந்து பின் சுவரைப் பாத்து நின்னு சொல்றாங்க, மகன் பின்கதவுல இருந்து உள்ள பாத்து நிக்கிற மாதிரி நெனச்சு எழுதியிருக்காரு. போன்ல கேக்குறவனுக்கு யாரு எங்க நின்னு பேசுறாங்கன்னு தெரியாது. நான் கேட்டேன், "அக்கா, காலைல வெயில் எந்தச் சுவர் ஜன்னல்ல வரும்?" "பின் சுவர்லதான் தம்பி, சிங்கிகிட்ட." அப்ப பின் சுவர் கிழக்கு. அடுப்பு அக்னி மூலை பக்கம், நின்னு சமைக்கிறப்ப முகம் கிழக்க பாக்கும், இதை அக்கா நாங்க கேக்காமலே சொன்னாங்க, மேடை ஊத்துறப்பவே அவங்க மாமியார் அப்படித்தான் வேணும்னு நின்னாங்களாம். எங்களுக்கு அது ரொம்ப வசதியாப் போச்சு. தென்கிழக்கு மூலைன்னு சொன்னா ஹால்ல நிக்கிறவங்களுக்கும் அதே மூலை, பின்கதவுக்கு வெளிய லோங்காங் பக்கம் நிக்கிறவங்களுக்கும் அதே மூலை.

அந்த மூலையைத்தான் தொடக்கம்னு வச்சோம். எல்லா அளவும் அங்கருந்துதான். ஒவ்வொரு சாமானையும் அதுக்குப் பக்கத்து சாமான்ல இருந்து அளக்கக் கூடாது, அப்படி அளந்தா ஒரு இடத்துல வந்த தப்பு அடுத்தடுத்து எல்லாத்தையும் தள்ளிவிட்டுடும், எங்க தப்புன்னும் தெரியாது. டேப்போட நுனியை மூலையில ஊன்றி அக்கா பிடிச்சுக்கிட்டாங்க, பையன் டேப்பை இழுத்துக்கிட்டே போயி ஒவ்வொரு இடத்துலயும் நம்பரைப் படிச்சான். கிழக்கு சுவர்ல மேடை முடியுற இடம் 257. பின்கதவு சட்டம் ஆரம்பிக்கிறது 264, முடியுறது 354. சுவர் முடியுறது 358. இதைத் துண்டு துண்டா மறுபடி ஒரு தடவை அளக்கச் சொன்னேன்: மேடை 257, இடைவெளி 7, சட்டம் 90, மிச்சச் சுவர் 4. கூட்டினா 358, சரியா வந்துச்சு. வராம இருந்திருந்தா டேப் நடுவுல தொங்கியிருக்கும், இல்ல சட்டத்துக்குப் பதிலா கதவுப் பலகையை அளந்திருப்பான். போன்ல இருக்குறவனுக்குத் தப்பைக் கண்டுபிடிக்க இந்தக் கூட்டல் ஒண்ணுதான் வழி.

சிங்கிக்கு விளிம்பை விட்டுட்டு தண்ணி இறங்குற ஓட்டையோட நடுவைக் கேட்டேன். சிங்கியோட விளிம்பு வளைஞ்சு இருக்கும், ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு இடத்துல டேப் வைப்பாங்க. ஓட்டை ஒரே இடத்துலதான் இருக்கும், ஆசாரிக்கு வேண்டியதும் அதுதான், ஏன்னா அதுக்கு நேர் கீழதான் பைப் வளைஞ்சு சுவருக்குள்ள போகுது, அங்க இழுப்பறை வைக்க முடியாது, உள் தட்டு போட்டாலும் அந்த இடத்துல வெட்டி விடணும். ஓட்டை நடு 210, தொட்டி 185-ல இருந்து 235 வரைக்கும். அடுப்பு மேடை மேல வச்ச ரெண்டு பர்னர் அடுப்பு, 72-ல இருந்து 142 வரைக்கும் நிக்குது. அடுப்புக்கும் தொட்டிக்கும் நடுவுல 43 சென்டி வெறும் மேடை, காய் வெட்டுற பலகை வைக்க அது போதும்னு அக்கா சொன்னாங்க.

தெக்கு சுவர்ல மேடை மூலையில இருந்து 244, அதுக்கப்புறம் ஐஸ்பெட்டி. மேடையோட ஆழம் தெக்கு பக்கம் எங்க அளந்தாலும் 60. இங்க வரைக்கும் எல்லாம் நல்லாத்தான் போச்சு.

மேடை எல் வடிவத்துல இருக்குறதால மூலையில அந்த அறுபதுக்கு அறுபது சதுரம் ரெண்டு சுவர் அளவுலயும் வந்துடும். 257-ம் 244-ம் கூட்டினா 501, பதினாறு அடிக்கு மேல. ஆனா கதவு வர்றது முன் விளிம்புலதான், சுவர்ல இல்ல. நீளத்துல ஒரு அடிக்கு இவ்வளவுன்னு விலை பேசுற ஊர்ல இது காசு சம்பந்தப்பட்ட விஷயம், சுவர் நீளத்தை வச்சு கணக்குப் போட்டா வாங்குறவங்க இல்லாத கதவுக்கும் சேத்துக் கொடுப்பாங்க. சில கடையில மூலையைச் சேத்துத்தான் கணக்குன்னு முன்னாடியே சொல்லிடுவாங்க, அது அவங்க வழக்கம், சொல்லிட்டுச் செஞ்சா பரவால்ல. நாங்க முன் விளிம்பையே தனியா அளக்கச் சொன்னோம். விலைக்காக மட்டும் இல்ல, சுவர்ல அளந்தது சரியான்னு பாக்க அது இன்னொரு சாட்சி.

கிழக்கு பக்க முன் விளிம்பு 197 வந்துச்சு. 257-ல தெக்கு பக்க மேடையோட ஆழம் 60-ஐக் கழிச்சா 197, சரி. தெக்கு பக்க முன் விளிம்பு, 244-ல 60 போனா 184 வரணும். பையன் படிச்சது 180. இன்னொரு தடவை அளக்கச் சொன்னேன், 180-தான். அக்காவுக்குக் கொஞ்சம் கோவமே வந்துடுச்சு, "பையன் சரியாத்தான் தம்பி பாக்குறான், நானும்தான் பாத்துக்கிட்டு நிக்கிறேன்."

பையன் அளந்தது சரின்னா ஆழம்தான் 60 இல்ல. கிழக்கு பக்க மேடையோட ஆழத்தை மூணு இடத்துல அளக்கச் சொன்னேன், பின்கதவுகிட்ட, நடுவுல, உள்மூலைகிட்ட. பின்கதவுகிட்ட 60, நடுவுல 61 அரை, உள்மூலைகிட்ட 63. அப்படியே தெக்கு சுவர் வரைக்கும் கோட்டை நீட்டினா 64 ஆகுது, 244-ல 64 போனா 180. கணக்கு சேந்துடுச்சு. இப்ப மேடையோட முன் விளிம்பு கோணலா, இல்ல சுவர் கோணலான்னு தெரியணும், ஏன்னா ரெண்டுக்கும் ஆசாரி செய்ற வேலை வேற.

கொத்தனாருங்க மூலை மட்டம் பாக்குற அதே மூணு நாலு அஞ்சுதான் இதுக்கும். முதல்ல முன் விளிம்போட உள்மூலையில இருந்து கிழக்கு விளிம்புல 90 சென்டியில ஒரு பென்சில் கோடு, தெக்கு விளிம்புல 120-ல ஒரு கோடு, ரெண்டுக்கும் நடுவுல குறுக்கா டேப்பைப் பிடிச்சு இழுத்தா 150 வந்தா மூலை சரியான மூலை. சரியா 150 வந்துச்சு. அப்புறம் அதே மாதிரி சுவர் மூலையில, கிழக்கு சுவர்ல 90, தெக்கு சுவர்ல 120. அங்க 149. அப்ப மேடை ஊத்தினவரு பலகை அடிச்சப்ப முன் விளிம்பை மூலை மட்டத்துக்கு வச்சுட்டாரு, சுவர்தான் கோணல், மூலை கொஞ்சம் உள்ள சாத்தியிருக்கு. 150-க்கு மேல வந்திருந்தா மூலை விரிஞ்சிருக்குன்னு அர்த்தம்.

இது ஆசாரிக்கு என்ன சொல்லுதுன்னா, கீழ வர்ற கதவுக்கெல்லாம் கவலையே இல்ல, அது முன் விளிம்பைப் புடிச்சுக்கிட்டு நேரா வரும். உள்ள தட்டு வைக்கிறதுன்னா இருக்குறதுலயே குறைஞ்ச ஆழமான 60-ஐ வச்சு, அதுலயும் பைப்புக்கும் முன் விளிம்பு வெளிய நீட்டுறதுக்கும் விட்டு, 50 போதும்னு அண்ணன் முடிவு பண்ணாரு. மேல வர்ற கெபினெட்டுக்குத்தான் சிக்கல், தெக்கு சுவர்ல ஒட்டுற பெட்டியோட பக்கப் பலகை கிழக்கு சுவர்ல முட்டுற இடத்துல, முன்னாடி தொடும், பின்னாடி மூலையில அரை சென்டி இடைவெளி விழும். பட்டறையிலயே அந்தச் சுவர் வரைக்கும் பெட்டியை முழுசா அறுத்துக்கிட்டு வந்தா ஏத்துறப்ப முன் பக்கம் இடிச்சுக்கிட்டு நிக்கும். அதனால பெட்டி அஞ்சு சென்டி முன்னாடியே நின்னுடும், மிச்சத்துக்கு ஒரு பட்டை, அதை வீட்டுல வச்சு சுவரோட சாய்வுக்குச் சீவி ஒட்டுறது. அந்தப் பட்டை இல்லன்னா மூலைக் கதவோட கைப்பிடி சுவர்ல இடிக்கும், அதுக்கும் சேத்துத்தான்.

ஒண்ணு சொல்லணும், அந்தப் போட்டோ தொலையாம இருந்திருந்தா இந்த நாலு சென்டி தெரிஞ்சிருக்காது. அதுல மகன் எழுதியிருந்தது சுவர் அளவு மட்டும்தான், படத்துல பாத்தா எல்லா மூலையும் மூலை மாதிரிதான் தெரியும், போன் கேமராவுல அகலமா எடுத்தா ஓரத்துல இருக்குறதெல்லாம் இழுபட்டு வேற தெரியும்.

அடுத்து கால்கள். கதவு செய்றவருக்குச் சுவர் நீளத்தை விட இதுதான் முக்கியம். கிழக்கு பக்கம் மூணு கால், ஒவ்வொண்ணும் பூச்சோட 10 சென்டி: உள்மூலையில ஒண்ணு, நடுவுல ஒண்ணு, பின்கதவுப் பக்கம் கடைசியில ஒண்ணு. அடுப்புக்குக் கீழ திறப்பு 78, சிங்கிக்குக் கீழ திறப்பு 89. கூட்டினா 10, 78, 10, 89, 10, மொத்தம் 197, முன் விளிம்பு அளவோட ஒத்துப் போச்சு. தெக்கு பக்கம் ரெண்டு திறப்பும் 75. ஆனா இந்த அளவெல்லாம் மேல, மேடைக்கு அடியில எடுத்தது. குசினியைக் கழுவி விடுற வீட்டுல காலோட அடியில டைல்ஸ் ஒட்டியிருப்பாங்க, பூச்சும் கீழ தடிப்பா இருக்கும், அதனால ஒவ்வொரு திறப்பையும் மேல, நடு, கீழன்னு அளக்கச் சொன்னேன். சிங்கி திறப்பு மேல 89, நடுவுல 88 அரை, கீழ 87 அரை. எடுத்துக்க வேண்டியது 87 அரை. மேல அளவை வச்சு சட்டம் அடிச்சிருந்தா அது பாதியிலயே மாட்டிக்கும், வீட்டுல வச்சு ரெண்டு பக்கமும் இழைக்கணும், ஒட்டின மேல் ஷீட் ஓரம் பேந்துடும்.

உயரம், தரையில இருந்து மேடைக்கு அடி வரைக்கும், ஐஸ்பெட்டி பக்கம் 76, பின்கதவு பக்கம் 78. இதுவும் ஒரு சந்தேகம்தான், மேடை ஏறியிருக்கா இல்ல தரை இறங்கியிருக்கா? அக்காவே பதில் சொல்லிட்டாங்க, மேடையில தண்ணி ஊத்தினா அங்கேயே தேங்கி நிக்குமாம், துணி வச்சுத்தான் துடைக்கணுமாம், தரையில ஊத்தினா பின்கதவு பக்கம் தானா ஓடிடுமாம். அப்ப மேடை மட்டம், தரைதான் லோங்காங் பக்கம் வாட்டம். கதவோட அடி கோடு மேடையைப் பாத்து மட்டமாப் போகணும், தரையைப் பாத்து இல்ல. ஐஸ்பெட்டி பக்கம் தரையில இருந்து 10 சென்டி தூக்கி, பின்கதவு பக்கம் அது தானா 12 ஆயிடும், கதவெல்லாம் 66-க்குள்ள ஒரே உயரம். கீழ அவ்வளவு இடம் விட்டாத்தான் கழுவுற தண்ணி பலகையைத் தொடாது, பலகை ஊறி உப்பாது.

அடுப்புக்குக் கீழ இருக்குற 78 திறப்புலதான் கேஸ் தோங் நிக்கப் போகுது. அங்க கதவோட கீழ்ப்பக்கம் காத்துப் போக ஓட்டை வேணும்னு எழுதி வச்சேன், இந்த கேஸ் காத்தை விடக் கனம், கசிஞ்சா கீழதான் தேங்கும், மேல ஓட்டை போட்டு ஒரு பிரயோஜனமும் இல்ல. அடுப்புக்கு நேர் மேல சுவர்ல எந்தப் பெட்டியும் வேணாம்னு அக்காவே சொல்லிட்டாங்க.

கடைசியா அண்ணனுக்கு எழுதி அனுப்பினது இவ்வளவுதான், எல்லாம் சென்டியில:

தொடக்கம் தென்கிழக்கு மூலை. கிழக்கு சுவர் 358: மேடை 257 வரை, கதவு சட்டம் 264–354, கதவு உள்பக்கம் திறக்கும், கீல் மேடைப் பக்கம். அடுப்பு 72–142. சிங்கி ஓட்டை நடு 210, தொட்டி 185–235. ஜன்னல் சிங்கிக்கு மேல. தெக்கு சுவர்: மேடை 244 வரை, அப்புறம் ஐஸ்பெட்டி. ஆழம்: தெக்கு 60, கிழக்கு 60-ல இருந்து 63. முன் விளிம்பு: கிழக்கு 197, தெக்கு 180, உள்மூலை மட்டம் சரி. சுவர் மூலை சாத்தியிருக்கு, 150-க்கு 149. திறப்பு, குறைஞ்ச அளவு: அடுப்புக்குக் கீழ 77 அரை, சிங்கிக்குக் கீழ 87 அரை, தெக்கு ரெண்டும் 74 அரை. அடி உயரம் 76, பின்கதவு பக்கம் 78.

அண்ணன் இதைப் பாத்து ஒரு அட்டையில கோடு போட்டுப் படமா வரைஞ்சாரு, வரைஞ்சதை நான் போன்ல அக்காவுக்கு வாசிச்சேன், மூலையில இருந்து நடந்துக்கிட்டே கேளுங்கன்னு சொன்னேன், அவங்களும் மேடையைத் தொட்டுத் தொட்டு "ஆமா, ஆமா"ன்னு வந்தாங்க. பின்கதவு கீல் பத்தி வாசிச்சப்ப ஒரு விஷயம் கூடச் சொன்னாங்க, கதவை முழுசாத் திறந்தா மேடையோட கடைசிக் காலை மறைச்சுக்கிட்டு நிக்கும், அதனால சிங்கி திறப்புல ரெண்டு கதவுல கடைசிக் கதவு முழுசாத் திறக்காது. குப்பைத் தொட்டியை அந்தப் பக்கம் வைக்கலாம்னு நெனச்சிருந்தாங்க, அதை அடுத்த கதவுக்கு மாத்திக்கிட்டாங்க.

மாட்டப் போன அன்னைக்கு கீழ் கதவெல்லாம் ஒண்ணு கூட இழைக்காம உள்ள போச்சு. மூலைப் பட்டையை மேல கொஞ்சம் அதிகமா, கீழ கம்மியாச் சீவ வேண்டி இருந்துச்சு, சுவர் நெட்டுக்கும் கொஞ்சம் சாய்வு இருந்திருக்கு, அதை நாங்க கேக்கவே இல்ல, பட்டை இருந்ததால தப்பிச்சோம். வார்த்தையில விட்டுப்போனது ஒண்ணு, தெக்கு சுவர்ல மிக்சிக்கு வச்சிருந்த ப்ளக் பாயிண்ட். மேல் பெட்டியோட அடி மேடைக்கு 55 சென்டி மேலன்னு வச்சிருந்தோம், ப்ளக் சரியா அந்தக் கோட்டுலயே நின்னுச்சு. போட்டோ இருந்திருந்தா முதல் பார்வையிலயே கண்ணுல பட்டிருக்கும். பெட்டியை எட்டு சென்டி மேல தூக்கி மாட்டினாரு அண்ணன், அக்கா உயரத்துக்கு மேல் தட்டு எட்டல, அதனால அன்றாடச் சாமான் கீழ்த்தட்டுல, தீபாவளிப் பலகாரச் சட்டியெல்லாம் மேல்தட்டுல. இப்ப எங்க பட்டறையில போன்ல அளவு வாங்குறப்ப, சுவர்ல ஒட்டியிருக்குற ப்ளக், சுவிட்ச், பைப், ஃபில்டர் எல்லாத்துக்கும் மூலையில இருந்து எவ்வளவு, மேடையில இருந்து எவ்வளவுன்னு ரெண்டு நம்பர் கேட்டுத்தான் பலகையை அறுக்குறாங்க.